சுழலுக்கு வெளியே நின்ற சாய்வு

நாகர்கோவிலில் மாணவர்களுக்காக √2-ஐத் தொடுகோட்டு முறையில் காணும் நிரல் எழுதினேன். 2-இல் தொடங்கினால் நான்காம் படியில் பதினொரு தசம இடங்கள் சரியாக வர வேண்டும். எனக்கோ பிழை 0.086, 0.023, 0.0067 என்று ஊர்ந்தது. ஒவ்வொரு பிழையையும் முந்தையதால் வகுத்துப் பார்த்தேன், ஈவு 0.29-ஐ நெருங்கி அங்கேயே நின்றது. அதுதான் குற்றத்தைக் காட்டிக்கொடுத்தது: சாய்வைச் சுழலுக்கு வெளியே ஒரே முறை, 4 என்று கணக்கிட்டிருந்தேன். அதை உள்ளே கொண்டுவந்தேன்.

```
x = x - (x*x - 2)/(2*x)
```

இப்போது பிழை 0.086, 0.0025, 0.000002. இதில் x = √2 + e என்று வைத்து விரித்தால் அடுத்த பிழை e²/(2x). அந்தந்தப் புள்ளியின் சாய்வு e உறுப்பை முழுவதுமாக நீக்கிவிடுகிறது; வளைவால் வரும் e² மட்டுமே எஞ்சுகிறது. பழைய சாய்வில் e-யின் ஒரு பங்கு எப்போதும் மிஞ்சியது. x² = 0 போன்ற இரட்டை மூலத்தில் மட்டும், சரியான நிரலிலும் பிழை பாதியாகத்தான் குறையும்.