முதல் போனுக்கு முன் பில்லைப் பாருங்கள்

புதுச்சேரி நேரு வீதிக் கடைக்காரர் ஒருவருக்கு விற்பனைக்காக முதன்முறை போன் செய்யுமுன், கூகுள் மேப்ஸில் வாடிக்கையாளர்கள் போட்ட படங்களில் பில் இருக்கிறதா பாருங்கள். அதிலுள்ள ஜிஎஸ்டி எண்ணை gst.gov.in தளத்தின் Search Taxpayer பகுதியில் போடுங்கள், லாகின் வேண்டாம். எண் 34 என்று தொடங்கினால் புதுச்சேரிப் பதிவு, கடலூர் என்றால் 33.

தனிநபர் உரிமைக் கடையானால் Legal Name என்ற இடத்தில் உரிமையாளர் பெயரே இருக்கும். பெயர் சொல்லிக் கேட்டால் கல்லாவில் இருப்பவர் போனை அவரிடம் கொடுக்க வாய்ப்பு அதிகம். பதிவுத் தேதியும் தெரியும். போன வருஷம் பதிந்தவரிடமும் 2017-இலேயே பதிந்தவரிடமும் ஒரே பேச்சு எடுபடாது.

கூட்டு நிறுவனமானால் நிறுவனப் பெயர்தான் வரும். மனைவி பெயரில் பதிந்த கடைகளும் உண்டு, அதனால் "அவங்கதான் கடையைப் பார்த்துக்கிறாங்களா?" என்று முதலில் கேட்டுவிடுங்கள். ஜிஎஸ்டி பதிவே இல்லாத சின்னக் கடைகளுக்கு இந்த வழி உதவாது.