கறுப்பு முடி கறுப்புத் திரையில் கரையாமல் இருக்க

மாட்டுங்கா வீட்டு ஹாலில் கறுப்புத் துணி கட்டி, பின்னலும் மல்லிகையுமாக நிற்கும் பெண்ணைப் படம் எடுக்கிறீர்கள் என்றால், முகத்துக்கு மட்டும் விளக்கு போட்டால் தலை திரையோடு கரைந்துவிடும். அவருக்குப் பின்னால், சற்றே ஒரு பக்கமாக, தலையை விட உயரத்தில், ஃப்ரேமுக்கு வெளியே சின்ன எல்இடி ஒன்றை வைத்து, முன்னால் பட்டர் பேப்பர் கட்டுங்கள். முக விளக்கை விடக் குறைவான வெளிச்சத்தில் தொடங்குங்கள். எண்ணெய் வைத்த முடி இந்தக் கோணத்தில் சும்மாவே மின்னும். ஒளி அளவு சரியா என்று அறியப் பூவைப் பாருங்கள், இதழ் மடிப்பு தெரியாமல் வெள்ளையாகிவிட்டால் ஒளி அதிகம். மூக்கு நுனி பளிச்சென்றால் பின் விளக்கு பக்கவாட்டில் அதிகம் வந்துவிட்டது, பின்னுக்குத் தள்ளுங்கள். அப்புறம், படம் முழுக்க வெளிறினால் ஒளி நேராக லென்ஸில் விழுகிறது, இடையில் ஒரு கறுப்பு அட்டை போதும்.