60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 75 ஹெர்ட்ஸ்: ப்ளாங்கிங்கைக் குறைத்து ரெஃப்ரெஷ் ரேட்டை ஏற்றும் முறை

60 ஹெர்ட்ஸ் என்று விற்கப்படும் 1080p மானிட்டர்களில் சில 70, 75 வரை தாராளமாக ஓடும். விண்டோஸில் அந்த எண் தெரியாததற்குக் காரணம், மானிட்டர் தன்னைப் பற்றிக் கணினிக்கு அனுப்பும் இடிஐடி என்ற சிறிய தகவல் தொகுப்பில் அது இல்லாததுதான். CRU என்ற இலவச மென்பொருளை வைத்து அந்தத் தகவலுக்கு ஒரு மாற்றை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் வைக்கலாம். மானிட்டருக்குள் எதுவும் எழுதப்படாது, அதனால் மாற்றை எப்போது வேண்டுமானாலும் நீக்கிவிடலாம். ஆனால் எந்த எண்ணை எதற்காக மாற்றுகிறோம் என்று தெரிந்துகொண்டு கை வைப்பது நல்லது.

ப்ளாங்கிங் என்றால் என்ன?

திரையில் தெரிவது 1920 x 1080 புள்ளிகள். கேபிளில் போவது அதைவிட அதிகம். ஒவ்வொரு வரி முடிந்ததும், ஒவ்வொரு ஃப்ரேம் முடிந்ததும் படம் இல்லாத ஓர் இடைவெளி வரும். அதுதான் ப்ளாங்கிங். பழைய படக்குழாய் மானிட்டரில் எலெக்ட்ரான் கற்றை வலது ஓரத்திலிருந்து இடது ஓரத்துக்குத் திரும்ப நேரம் வேண்டும், அதற்காக வந்த இடைவெளி இது. எல்சிடியில் கற்றை கிடையாது. ஆகவே இடைவெளியைச் சுருக்கலாம். மானிட்டர்களுக்கான விதிமுறைகளை வகுக்கும் வெசா அமைப்பு 2003ல் வெளியிட்ட சிவிடி விதிமுறையிலேயே இப்படிச் சுருக்கிய வடிவம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் CVT-RB.

இடைவெளிக்கு மூன்று பகுதிகள்: படம் முடிந்ததும் ஃப்ரன்ட் போர்ச், பிறகு சிங்க், அதன் பின் பேக் போர்ச். CVT-RBயில் கிடைமட்டமாக இவை 48, 32, 80 புள்ளிகள் என்று நிலையானவை. செங்குத்தாக 1080pக்கு ஃப்ரன்ட் போர்ச் 3 வரிகள், சிங்க் 5 வரிகள். பேக் போர்ச் மட்டும் ரெஃப்ரெஷ் ரேட்டைப் பொறுத்து மாறும், ஏனென்றால் செங்குத்து இடைவெளி குறைந்தது 460 மைக்ரோ வினாடியாவது இருக்க வேண்டும் என்பது விதி. 75 ஹெர்ட்ஸுக்கு பேக் போர்ச் 31 வரிகள்.

```
கிடைமட்டம்: 1920 + 48 + 32 + 80 = 2080
செங்குத்து: 1080 + 3 + 5 + 31 = 1119
2080 x 1119 x 75 = 174,564,000
```

கடைசி எண்தான் பிக்சல் க்ளாக், அதாவது வினாடிக்குக் கேபிளில் போகும் புள்ளிகள். 0.25 மெகாஹெர்ட்ஸ் படிகளில் கீழே இறக்கினால் 174.50, உண்மையான வேகம் 74.97 ஹெர்ட்ஸ். சுருக்காத சிவிடியில் இதே 75 ஹெர்ட்ஸுக்கு 220.75 மெகாஹெர்ட்ஸ் தேவைப்படும். படத்தில் ஒரு புள்ளிகூடக் குறையாமல் கேபிளின் சுமை ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது.

முதலில் மூன்று எல்லைகளைப் பாருங்கள்

முதலாவது கேபிளும் போர்ட்டும். சிங்கிள் லிங்க் டிவிஐ, 1.3க்கு முந்தைய எச்டிஎம்ஐ ஆகியவற்றின் எல்லை 165 மெகாஹெர்ட்ஸ். நம் 174.50 அதைத் தாண்டுகிறது. அப்படிப்பட்ட போர்ட் என்றால் 70 ஹெர்ட்ஸுக்கு இறங்குங்கள்: செங்குத்து மொத்தம் 1116, பிக்சல் க்ளாக் 162.25, எல்லைக்குள் அடங்கிவிடும்.

இரண்டாவதைப் பலர் கவனிப்பதில்லை. மானிட்டர் கையேட்டில் கிடைமட்ட அதிர்வெண் 30–83 கிலோஹெர்ட்ஸ் என்பது போல ஒரு வரி இருக்கும். மொத்த வரிகளை ரெஃப்ரெஷ் ரேட்டால் பெருக்கினால் நம் எண் கிடைக்கும்: 1119 x 75, அதாவது 83.9 கிலோஹெர்ட்ஸ். எல்லை 83 என்றால் இது கொஞ்சம் வெளியே நிற்கிறது. சில மானிட்டர்கள் ஏற்கும், சில ஏற்காது. 74 ஹெர்ட்ஸ் வைத்தால் 82.8தான், உள்ளே வந்துவிடும். 75 ஓடவில்லை என்று கைவிடுவதற்கு முன் 74ஐ முயன்று பார்க்க வேண்டியது இதனால்தான்.

மூன்றாவது எல்லை மானிட்டரின் உள் சர்க்யூட். அதை ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

செய்யும் முறை

திரை கறுப்பானால் எப்படித் திரும்புவது என்பதை முதலில் ஏற்பாடு செய்யுங்கள். CRU ஜிப் கோப்பைப் பிரித்தால் `CRU.exe`, `restart.exe`, `reset-all.exe` ஆகியவை இருக்கும். இவற்றை டெஸ்க்டாப்பில் வையுங்கள். `CRU.exe` திறந்து, மேலே உள்ள பட்டியலில் உங்கள் மானிட்டரைத் தேர்ந்தெடுத்து, `Export` அழுத்தி இப்போதைய நிலையைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் `Detailed resolutions` பகுதியில் `Add` அழுத்துங்கள். டைமிங் பட்டியலில் `CVT-RB` தேர்ந்தெடுத்து, `Active` கட்டங்களில் 1920, 1080, ரெஃப்ரெஷ் ரேட்டில் 75 கொடுங்கள். `Front porch`, `Sync width`, `Back porch` தாமாக நிரம்பும். `Total` கட்டங்களில் 2080, 1119 வருகிறதா என்று சரிபார்த்து `OK` கொடுங்கள். பழைய 60 ஹெர்ட்ஸ் வரியை அழிக்காதீர்கள், அதுதான் பட்டியலில் முதலாவதாக இருக்க வேண்டும். முதல் வரியைத்தான் கணினி மானிட்டரின் இயல்பான நிலையாக எடுத்துக்கொள்ளும்.

இனி `restart.exe` ஓட்டுங்கள். திரை சில முறை அணைந்து வரும். 15 வினாடி ஆகியும் வரவில்லையென்றால் F8 அழுத்தினால், மாற்றங்கள் தற்காலிகமாக விலகித் திரை திரும்பும். திரை வந்ததும் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் `Advanced display` போய் 75ஐத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் உறுதி கேட்கும். திரை கறுப்பாக இருந்தால் எதையும் தொடாமல் காத்திருங்கள், 15 வினாடியில் அதுவே பழைய நிலைக்குப் போய்விடும். எல்லாமே குழம்பிவிட்டால் சேஃப் மோடில் போய் `reset-all.exe` ஓட்டினால் போதும்.

75 பட்டியலிலேயே வரவில்லை என்றால், பெரும்பாலும் கிராஃபிக்ஸ் டிரைவர் பிக்சல் க்ளாக்கைப் பார்த்துத் தடுத்திருக்கும். 70க்கு இறங்குங்கள்.

படம் வந்தால் மட்டும் போதாது

`Out of range` என்று வந்தால் மானிட்டர் மறுத்துவிட்டது என்று உடனே தெரிந்துவிடும். மின்மினி போலச் சிதறும் புள்ளிகளோ விட்டுவிட்டு அணையும் திரையோ இருந்தால் கேபிள் தாங்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத கோளாறு ஒன்றும் உண்டு. மானிட்டர் 75 ஃப்ரேமையும் வாங்கிக்கொண்டு, சிலவற்றைக் காட்டாமல் விட்டுவிடும். அப்போது நகரும் காட்சி 60 ஹெர்ட்ஸைவிட மோசமாகத் திக்கும்.

இதைக் கண்டுபிடிக்க `testufo.com/frameskipping` திறங்கள். கட்டங்கள் வரிசையாக ஒவ்வொன்றாக ஒளிரும். கைபேசி கேமராவை மேனுவல் மோடில் வைத்து, ஷட்டரை பத்தில் ஒரு வினாடியாக்கிப் படம் எடுங்கள். ஒளிர்ந்த கட்டங்கள் இடைவெளியின்றி ஒட்டி இருந்தால் சரி. நடுவில் ஒரு கட்டம் இருண்டிருந்தால் அந்த ஃப்ரேம் விடுபட்டிருக்கிறது. அந்த மானிட்டருக்கு அந்த வேகம் வேண்டாம். ஒரு படத்தை நம்பாமல் பலமுறை எடுத்துப் பாருங்கள்.

இன்னும் சுருக்கலாமே என்று பேக் போர்ச்சைக் கையால் குறைக்கத் தோன்றும். செங்குத்து இடைவெளியில் நான் 460 மைக்ரோ வினாடிக்குக் கீழே போகச் சொல்லமாட்டேன். பல கிராஃபிக்ஸ் கார்டுகள் மெமரி வேகத்தை மாற்றுவது அந்த இடைவெளியில்தான். அது மிகக் குறைந்தால் திரை மின்னும், அல்லது கணினி சும்மா இருக்கும்போதும் மெமரி முழு வேகத்தில் ஓடி கார்டு சூடாகும்.

மடிக்கணினியின் சொந்தத் திரையில் இதைச் செய்வதென்றால், வேறொரு மானிட்டரை இணைத்துக்கொண்டு செய்யுங்கள். படக்குழாய் மானிட்டரில் செய்யவே வேண்டாம். கற்றை திரும்ப நேரம் இருக்காது, எல்லை மீறிய கிடைமட்ட அதிர்வெண் பழைய மாடல்களின் சர்க்யூட்டைக் கெடுத்துவிடலாம். எல்சிடியில் அப்படிப்பட்ட சேதம் அரிது. ஆனால் தயாரிப்பாளர் சொன்ன வேகத்தைத் தாண்டி ஓட்டுகிறீர்கள், அதனால் பழுது வந்தால் வாரன்டி கிடைக்காமல் போகலாம்.