கொசுவலை ஓரத்தில் விழுந்த இடைவெளி

அலுமினியச் சட்டம் போட்ட வலை புதுசு, ஆனாலும் கொசு வருகிறது என்றார் அந்த அபார்ட்மெண்ட் அக்கா. வேறொருவர் மாட்டிக் கொடுத்தது. ஜன்னலின் அகலம் 900 மி.மீ., உயரம் 1200. மேலே, நடுவே, கீழே அளந்தாலும் அதே 900தான். அப்புறம் மூலைக்கு மூலை டேப்பைப் பிடித்தேன். ஒன்று 1506, மற்றது 1494. இரண்டும் சமமாக இல்லை என்றால் ஜன்னல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். நேர்ச்செவ்வகமான சட்டத்தை அதற்குள் நுழைக்க அகலத்தை 890க்குக் குறைத்திருக்கிறார்கள். அதனால் எதிரெதிர் மூலைகளில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி.

இப்படிப்பட்ட ஜன்னலுக்கு உள்ளே பொருந்தும் சட்டமே வேண்டாம் என்பது என் முடிவு. ஜன்னல் சட்டத்தின் முகத்தில் வெல்க்ரோ ஒட்டி, வலையை நான்கு பக்கமும் 25 மி.மீ. கூடுதலாக வெட்டினால் சாய்வு ஒரு பொருட்டே இல்லை. ஒட்டுமுன் சட்டத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து நன்றாகக் காயவிட வேண்டும். தூசியோ ஈரமோ இருந்தால் முதலில் மூலையில்தான் பெயரும். வெல்க்ரோவை இழுத்து ஒட்டக் கூடாது, இழுத்தால் பிறகு சுருங்கி முனை விலகும்.

விலை சொல்லும்போது வலையின் வெட்டளவு 950க்கு 1250 என்றே எழுதிக் கொடுத்தேன். ஜன்னல் அளவைவிடப் பரப்பு சுமார் 10 சதவீதம் கூடும், அதை முன்பே சொல்லிவிட்டால் பிறகு பேச்சு வராது. மாட்டியதும் அறை விளக்கை அணைத்து, வெளி வெளிச்சம் ஓரத்தில் கசிகிறதா என்று அக்காவையே பார்க்கச் சொன்னேன். எங்கும் கசியவில்லை.