பை-ராட்ஸ் 4 என்றால் நான்காம் நிலைப் புற்றுநோயா? புராஸ்டேட் எம்.ஆர்.ஐ. அறிக்கையைப் படிக்கும் முறை

எம்.ஆர்.ஐ. அறிக்கைகள் எழுதும் கதிரியல் மருத்துவர் நான். அப்பாவின் அறிக்கையோடு வரும் பிள்ளைகள் பலர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "பை-ராட்ஸ் 4 என்று போட்டிருக்கிறது, நான்காம் நிலையா டாக்டர்?" இல்லை. பை-ராட்ஸ் என்பது எம்.ஆர்.ஐ. படத்தில் சந்தேகத்துக்குரிய இடத்துக்கு நாங்கள் தரும் 1 முதல் 5 வரையிலான எண். அந்த எண் நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. படத்தில் தெரியும் ஓர் இடத்தில் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குப் புற்றுநோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை மட்டுமே சொல்கிறது. 4 என்று வந்தும், ஊசியால் திசு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியில் எதுவும் இல்லாமல் போனவர்கள் உண்டு.

ரத்தப் பரிசோதனையில் தொடங்கி பயாப்ஸி வரை செல்லும் பாதையை ஒருவரோடு சேர்ந்து நடந்து பார்ப்போம். விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்டவர் இவர்: வயது 63, ஓய்வுபெற்ற பஸ் நடத்துநர். உடல் பரிசோதனைத் தொகுப்பில் பி.எஸ்.ஏ. 6.9 என்று வந்திருக்கிறது. சிறுநீர் கழிப்பதில் பெரிய தொல்லை இல்லை.

படி 1: பி.எஸ்.ஏ.வை மீண்டும் பாருங்கள்

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரப்பி உண்டாக்கும் ஒரு புரதம். புற்றுநோய் இல்லாத சுரப்பியும் அதை உண்டாக்கும். சுரப்பி வீங்கினாலும், சிறுநீர்த் தொற்று வந்தாலும், சிறுநீர் அடைத்துக் குழாய் போட்டாலும் அளவு ஏறும். விந்து வெளியேறிய ஓரிரு நாள்களிலும் சற்றுக் கூடுதலாகக் காட்டலாம். அதனால் ஒற்றை முடிவை நம்பி நேரே ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். தொற்று இருந்தால் அது ஆறட்டும். சில வாரங்கள் கழித்து, முடிந்தால் அதே ஆய்வகத்தில், மறுபடி எடுத்துப் பாருங்கள்.

மருந்துச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரப்படும் ஃபினாஸ்டெரைடு, டூட்டாஸ்டெரைடு ஆகிய மாத்திரைகளை ஆறு மாதத்துக்கு மேல் சாப்பிட்டு வந்தால் பி.எஸ்.ஏ. ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடும். அப்படிப்பட்டவருக்கு 3.5 என்று வந்தால் அதை 7 என்றே எண்ண வேண்டும். "வழக்கமான எல்லையான நான்குக்குக் கீழேதானே" என்று இந்த இடத்தில் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இது.

நம் நடத்துநருக்கு ஆறு வாரம் கழித்து எடுத்தபோது 6.3. பெரிதாகக் குறையவில்லை. அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: பயாப்ஸிக்கு முன்பே எம்.ஆர்.ஐ.

முன்பெல்லாம் பி.எஸ்.ஏ. கூடினால் நேரே ஊசி போட்டு, சுரப்பியில் பத்துப் பன்னிரண்டு இடங்களில் திசு எடுப்பார்கள். எங்கே குத்துகிறோம் என்று தெரியாமல் குத்துவதால், சிறிய ஆபத்தான கட்டி தப்பிவிடும். தொந்தரவு செய்யாத கட்டி அகப்பட்டுக்கொள்ளும். பிரிட்டனில் 576 ஆண்களிடம் நடந்து 2017இல் வெளியான புராமிஸ் ஆய்வு இதை எண்ணிக்கையில் காட்டியது. சிகிச்சை தேவைப்படும் புற்றுநோய்களில் எம்.ஆர்.ஐ. 93 சதவீதத்தைச் சந்தேகித்தது. பழைய முறை பயாப்ஸி கண்டுபிடித்தது 48 சதவீதம்தான்.

வரிசையை மாற்றினால் படமும் கெடும். பயாப்ஸி செய்த இடத்தில் ரத்தம் கசிந்து தங்கும். அது கட்டியைப் போலவே கறுப்பாகத் தெரியலாம், கட்டியை மறைக்கவும் செய்யலாம். ஏற்கெனவே பயாப்ஸி ஆகியிருந்தால் குறைந்தது ஆறு வாரமாவது பொறுத்து ஸ்கேன் எடுப்பது நல்லது.

ஸ்கேன் நாளன்று காலையில் மலம் கழித்துவிட்டு வாருங்கள். மலக்குடலில் காற்று நிறைந்திருந்தால், அதை ஒட்டியிருக்கும் சுரப்பியின் படம் நெளிந்துவிடும். இதயமுடுக்கி, உடலுக்குள் வைத்த உலோகம் எதுவாக இருந்தாலும் முன்னரே சொல்லுங்கள். இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு எம்.ஆர்.ஐ. பெரும்பாலும் எடுக்கலாம், ஆனால் படத்தின் ஒரு பகுதி தெளிவில்லாமல் போகலாம். மருந்து ஏற்றி எடுப்பதாக இருந்தால் சிறுநீரகச் செயல்பாட்டுப் பரிசோதனை கேட்பார்கள்.

ஸ்கேன் விண்ணப்பத்தில் பி.எஸ்.ஏ. அளவும் தேதியும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அது இல்லாமல் வரும் விண்ணப்பங்கள் ஏராளம். ஏன் முக்கியம் என்பது ஐந்தாம் படியில் தெரியும்.

படி 3: இயந்திரம் என்ன பார்க்கிறது

அரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். அதற்குள் மூன்று வகைப் படங்கள் எடுக்கப்படும்.

முதல் வகை, சுரப்பியின் அமைப்பைக் காட்டுவது. சுரப்பியின் வெளிப்புறமாக, மலக்குடலை ஒட்டி இருப்பது விளிம்பு மண்டலம். நலமாக இருந்தால் வெள்ளையாகத் தெரியும். பெரும்பாலான புற்றுநோய்கள் இங்கேதான் தோன்றுகின்றன. உள்ளே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி இருப்பது இடை மண்டலம். வயதாக ஆக வீங்குவது இதுதான். இரண்டாவது வகை, திசுவுக்குள் நீர் எவ்வளவு தாராளமாக அசைகிறது என்று காட்டுவது. புற்றுச் செல்கள் நெருக்கியடித்து வளர்வதால் அங்கே நீர் அசைய இடம் குறைவு; அந்த இடம் ஒரு படத்தில் வெள்ளையாகவும், இணைப்படத்தில் கறுப்பாகவும் தனித்துத் தெரியும். மூன்றாவது, நரம்பில் மருந்து ஏற்றி, எந்த இடம் அதை முந்திக்கொண்டு உறிஞ்சுகிறது என்று பார்ப்பது. சில மையங்கள் மூன்றாவதைத் தவிர்த்து இரண்டோடு நிறுத்துகின்றன. படங்கள் தரமாக இருந்தால் அதில் தவறில்லை.

படி 4: 1 முதல் 5 வரை

சந்தேகத்துக்குரிய ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாக எண் தருகிறோம். 2019இல் திருத்தப்பட்ட பை-ராட்ஸ் 2.1 விதிகள்தான் இப்போது பரவலாகப் பயன்படுகின்றன. விளிம்பு மண்டலத்தில் நீர் அசைவுப் படத்தின் சொல்லுக்கே முதலிடம். இடை மண்டலத்தில் அமைப்புப் படத்துக்கு முதலிடம், ஏனென்றால் அங்கே சாதாரண வீக்க முடிச்சுகளும் நீர் அசைவைத் தடுத்துக் குழப்பும்.

1, 2 என்றால் வாய்ப்பு குறைவு. 3 என்றால் இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம். 4, 5 என்றால் வாய்ப்பு அதிகம். தோற்றத்தில் 4க்கும் 5க்கும் உள்ள வேறுபாடு அளவுதான்: 1.5 சென்டிமீட்டரை எட்டினாலோ, சுரப்பியின் உறையைத் தாண்டியது உறுதியாகத் தெரிந்தாலோ 5.

500 பேர் கலந்துகொண்டு 2018இல் வெளியான பிரசிஷன் ஆய்வில், குறிபார்த்து எடுத்த பயாப்ஸியில் சிகிச்சை தேவைப்படும் புற்றுநோய் இருந்தது 3 பெற்றவர்களில் 12 சதவீதம், 4 பெற்றவர்களில் 60 சதவீதம், 5 பெற்றவர்களில் 83 சதவீதம் பேருக்கு. இந்த மூன்று எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு அறிக்கையைப் பாருங்கள். 4 என்பது தீர்ப்பு அல்ல என்பது விளங்கும். அலட்சியப்படுத்தக்கூடியது அல்ல என்பதும் விளங்கும்.

நம் நடத்துநரின் படத்தில், வலப்பக்க விளிம்பு மண்டலத்தின் நடுவில் 9 மில்லிமீட்டர் இடம் ஒன்று லேசாகக் கறுத்திருக்கிறது. நீர் அசைவுப் படத்தில் 3. மருந்து ஏற்றிய படத்தில் அந்த இடம் முந்தவில்லை. ஆகவே மொத்தத்தில் 3. அதே இடம் மருந்தை முந்தி உறிஞ்சியிருந்தால், விளிம்பு மண்டலம் என்பதால் விதிப்படி 4 ஆகியிருக்கும்.

படி 5: ஒரு சின்னக் கணக்கு

3 என்ற எண்தான் குடும்பங்களை மிகவும் அலைக்கழிக்கிறது. இங்கே கைகொடுப்பது பி.எஸ்.ஏ. அடர்த்தி. பெரிய சுரப்பி இயல்பாகவே அதிகமாகச் சுரக்கும்; அதனால் ஒவ்வொரு மில்லிலிட்டர் சுரப்பிக்கும் எவ்வளவு பி.எஸ்.ஏ. என்று வகுத்துப் பார்க்கிறோம்.

அறிக்கையில் சுரப்பியின் மூன்று அளவுகள் சென்டிமீட்டரில் இருக்கும். மூன்றையும் பெருக்கி, 0.52ஆல் மறுபடி பெருக்கினால் கொள்ளளவு. நடத்துநருக்கு:

4.5 × 3.4 × 4.0 × 0.52 = 31.8 மில்லிலிட்டர்
6.3 ÷ 31.8 = 0.20

இப்போது பக்கத்துப் படுக்கையில் இன்னொருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருக்கும் பி.எஸ்.ஏ. 6.3தான், பை-ராட்ஸும் 3தான். ஆனால் சுரப்பி பெரியது:

5.5 × 4.8 × 5.0 × 0.52 = 68.6 மில்லிலிட்டர்
6.3 ÷ 68.6 = 0.09

பலர் வைத்துக்கொள்ளும் எல்லை 0.15. நடத்துநர் அதைத் தாண்டிவிட்டார். சின்னச் சுரப்பி இவ்வளவு சுரப்பதற்கு வேறு காரணம் இருக்கலாம், பயாப்ஸி செய்வதே சரி. மற்றவருக்குச் சுரப்பியின் பருமனே பெரும்பகுதியை விளக்கிவிடுகிறது. குடும்பத்தில் யாருக்கும் இந்த நோய் இல்லை, மலக்குடல் வழியாக விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்க்கும் பரிசோதனையிலும் கடினமாக எதுவும் படவில்லை என்றால், சிறுநீரியல் மருத்துவரோடு பேசிவிட்டுப் பயாப்ஸியைத் தள்ளிவைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை பி.எஸ்.ஏ. பார்த்து வரலாம்.

4, 5 என்றால் அடர்த்தி குறைவாக இருந்தாலும் பயாப்ஸி தேவை. 1, 2 என்றால் பொதுவாகத் தேவையில்லை. ஆனால் அடர்த்தி அதிகமாக இருந்தாலோ, அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்த நோய் வந்திருந்தாலோ எம்.ஆர்.ஐ. தவறவிட்டிருக்கக்கூடும் என்று எண்ணி மருத்துவர் பயாப்ஸி சொல்லலாம். அறிக்கையில் மூன்று அளவுகளோ, மண்டலத்தின் பெயரோ, எண்ணோ இல்லாமல் "சந்தேகத்துக்குரிய பகுதி" என்று மட்டும் இருந்தால், எழுதியவரிடமே திரும்பக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

படி 6: பயாப்ஸி

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர் அதை முன்னரே சொல்ல வேண்டும்; தானாக நிறுத்தக் கூடாது. விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே உள்ள தோல் வழியாக ஊசி செலுத்துவது ஒரு முறை, மலக்குடல் வழியாகச் செலுத்துவது இன்னொரு முறை. மலக்குடல் வழியில் கிருமி புகும் வாய்ப்பு அதிகம் என்பதால், வசதி இருக்கும் இடங்களில் தோல் வழியையே நான் பரிந்துரைப்பேன். இரண்டிலும் அல்ட்ராசவுண்டு கருவி மலக்குடலில் இருக்கும்; எம்.ஆர்.ஐ.யில் குறித்த இடத்தை அந்தத் திரையில் பொருத்திப் பார்த்து, அங்கிருந்து மூன்று முதல் ஐந்து துண்டுகள், சுற்றிலும் இன்னும் சில துண்டுகள் எடுப்பார்கள்.

சிறுநீரில் சில நாள்களும் விந்தில் சில வாரங்களும் ரத்தம் தெரிவது வழக்கம். காய்ச்சலோ குளிரோ வந்தாலும், சிறுநீர் அடைத்தாலும் இரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

நடத்துநரின் முடிவு கிளீசன் 3+4, அதாவது ஐந்து தரப் பிரிவுகளில் இரண்டாவது. நோய் எவ்வளவு வீரியமானது என்று சொல்வது இந்தத் தரம்தான். சிகிச்சைப் பேச்சு இங்கிருந்துதான் தொடங்கும். முதல் பிரிவாக இருந்திருந்தால், பெரும்பாலும் உடனடிச் சிகிச்சை இல்லாமல் கண்காணிப்பிலேயே வைத்திருப்பார்கள்.

பயாப்ஸியில் "புற்றுநோய் இல்லை" என்று வந்தால்? எம்.ஆர்.ஐ.யில் 3 பெற்றவர் ஓரளவு நம்பலாம். 5 பெற்றவருக்கு அப்படி வந்தால், ஊசி அந்த இடத்தைத் தொட்டதா என்பதே முதல் கேள்வி. படத்தையும் திசு அறிக்கையையும் ஒரே மேசையில் வைத்து மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள். அழற்சி போன்ற தெளிவான வேறு காரணம் திசுவில் தெரியாவிட்டால், அந்த இடத்தில் இன்னொரு முறை ஊசி செலுத்த வேண்டியிருக்கும்.