லாபம் தரும் திட்டத்தைக் கம்பெனி ஏன் வேண்டாம் என்கிறது: கடன் சுமைக் கணக்கு, படிப்படியாக

இன்றைக்கு 30 போட்டால் ஒரு வருஷத்தில் 40 வரும், அதுவும் நிச்சயமாக வரும். இப்படி ஒரு திட்டம் கையில் இருந்தும், கடனில் மூழ்கிய கம்பெனியின் பங்குதாரர்கள் "வேண்டாம்" என்று சொல்லலாம். அவர்களுக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்ததால்தான் சொல்கிறார்கள். 1977-ல் ஸ்டூவர்ட் மையர்ஸ் ஓர் ஆய்வுக் கட்டுரையில் இதைத் தெளிவாகக் காட்டினார். நாம் அதை வேறு எண்களை வைத்து, பேப்பரும் பேனாவும் போதும் என்ற அளவில் போட்டுப் பார்ப்போம்.

வட்டி விகிதம் பூஜ்யம் என்று வைத்துக்கொள்கிறேன். நாளை வரும் பணத்தை வட்டியைக் கழித்து இன்றைய மதிப்புக்கு மாற்றும் கணக்கு குறுக்கே வந்தால் விஷயம் மறைந்துவிடும், அதற்காகத்தான்.

படி 1: திட்டம் இல்லாத நிலை

கம்பெனி ஒரு வருஷத்தில் 100 கடன் திருப்ப வேண்டும். அன்றைக்கு அதன் சொத்துகளின் மதிப்பு, காலம் நல்லபடியாக இருந்தால் 120, மோசமாக இருந்தால் 50. இரண்டுக்கும் சம வாய்ப்பு.

யாருக்கு எவ்வளவு என்பதற்கு ஒரே விதிதான். கடன் கொடுத்தவர் முதலில் எடுத்துக்கொள்வார், மிச்சம் இருந்தால் பங்குதாரருக்கு. மிச்சம் இல்லையென்றால் பங்குதாரருக்குப் பூஜ்யம், ஆனால் அவர் தன் கைக்காசைப் போட்டுப் பாக்கியை அடைக்க வேண்டியதில்லை. விரிதாளில் சொத்து மதிப்பு A1-லும் கடன் B1-லும் இருந்தால் இப்படி எழுதலாம்:

```
=MIN(A1,B1)
=MAX(A1-B1,0)
```

முதல் வரி கடன் கொடுத்தவருக்கு, இரண்டாவது பங்குதாரருக்கு. நல்ல காலத்தில் கடனுக்கு 100, பங்குக்கு 20. மோசமான காலத்தில் கடனுக்கு 50, பங்குக்கு 0. சராசரி எடுத்தால் கடனின் இன்றைய மதிப்பு 75, பங்கின் மதிப்பு 10. இந்த 75-ஐ ஒரு ஓரத்தில் குறித்து வையுங்கள். 100 முகமதிப்புள்ள கடன் 75-க்குத்தான் பெறும் என்றால், அங்கேயே சிக்கல் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

படி 2: திட்டத்தைச் சேர்த்துப் பார்ப்பது

இப்போது அந்த 40-ஐ இரண்டு காலத்திலும் கூட்டுவோம்.

| | சொத்து | கடனுக்கு | பங்குக்கு |
|---|---|---|---|
| நல்ல காலம் | 160 | 100 | 60 |
| மோசமான காலம் | 90 | 90 | 0 |
| சராசரி | 125 | 95 | 30 |

திட்டத்தின் நிகர தற்போதைய மதிப்பு 40 கழித்தல் 30, அதாவது +10. ஆனால் பங்கின் மதிப்பு 10-லிருந்து 30-க்குத்தான் ஏறியது, 20 கூடியது. அதற்காகப் பங்குதாரர்கள் போட வேண்டியது 30. அவர்களுக்கு 10 நஷ்டம். கடன் கொடுத்தவர்களோ ஒரு காசும் போடாமல் 75-லிருந்து 95-க்குப் போய்விட்டார்கள்.

மோசமான காலத்து வரியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அங்கே திட்டம் கொண்டுவந்த 40 முழுவதும் கடன் குழியை நிரப்பத்தான் போகிறது, 50 என்பது 90 ஆகிறது, அப்போதும் குழி நிரம்பவில்லை. புதிதாகப் பணம் போடுகிறவரின் காசு பழைய கடனின் பள்ளத்தில் விழுகிறது, முழுச் சிக்கலும் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. சரிபார்க்க வேண்டுமென்றால் கடனை 100-க்குப் பதில் 50 என்று மாற்றிப் போடுங்கள். குழியே இருக்காது, திட்டத்தின் 40 முழுவதும் பங்குக்கே வரும், யாரும் மறுக்க மாட்டார்கள்.

100 கடன் இருக்கும்போது பங்குதாரருக்குக் கட்டுப்படியாக வேண்டுமென்றால் திட்டம் எவ்வளவு தர வேண்டும்? 55. நல்ல காலத்தில் 55 முழுதும் கிடைக்கும், மோசமான காலத்தில் 50 குழிக்குப் போய் 5 மிஞ்சும், சராசரி 30. ஆக, 30 போட்டு 31 முதல் 54 வரை தரக்கூடிய எல்லாத் திட்டங்களும் இந்தக் கம்பெனியில் கிடப்பில் போடப்படும்.

படி 3: "வெளியிலிருந்து பணம் வாங்கினால்?"

முதல் தடவை இதைப் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் வரும் கேள்வி இது. புதிய பங்குதாரர் 30 கொண்டுவந்தால், அவருக்கு 30 மதிப்புள்ள பங்கு கொடுக்க வேண்டும். திட்டத்துக்குப் பிறகு மொத்தப் பங்கின் மதிப்பே 30தான். முழுக் கம்பெனியையும் அவரிடம் எழுதிக் கொடுத்தால்தான் கணக்கு நேராகும், பழையவர்கள் கையில் இருந்த 10-ம் போய்விடும். பழைய கடனுக்குப் பின்வரிசையில் நிற்கும் புதிய கடனும் இதே கதைதான், 30 வாங்க 60 தருவதாக எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

வரிசையை மாற்றினால்தான் நிலைமை மாறும். புதிய 30 கடனுக்கு முதல் உரிமை கொடுங்கள். இப்போது நல்ல காலத்தில் 160-ல் 30 போய், பழைய கடனுக்கு 100, பங்குக்கு 30. மோசமான காலத்தில் 90-ல் 30 போய், பழைய கடனுக்கு 60. பங்கின் சராசரி 15, பழைய கடனின் சராசரி 80. இரண்டு பக்கமும் 5 கூடியிருக்கிறது. ஆனால் பழைய கடன் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் தங்களுக்கு முன்னால் யாரையும் நிற்க விடாது. அமெரிக்கத் திவால் சட்டத்தின் 364-ஆம் பிரிவு, நீதிமன்ற அனுமதியோடு புதுக் கடனுக்கு முன்னுரிமை தர வழி வைத்திருப்பது இந்த முட்டுக்கட்டைக்குத்தான்.

படி 4: கடனைக் குறைத்துப் பேசுவது

இன்னொரு வழி ஹேர்கட். "நீங்கள் 30 போடுங்கள், நாங்கள் 100-ஐ 80 ஆகக் குறைக்கிறோம்" என்று கடன் கொடுத்தவர்கள் சொல்வதாக வைத்துக்கொள்வோம். பங்குக்கு நல்ல காலத்தில் 80, மோசமான காலத்தில் 10, சராசரி 45, போட்ட 30 போக 15. முன்பு 10தான். கடன் கொடுத்தவர்களுக்கு இரண்டு காலத்திலும் 80 உறுதி, முன்பு 75தான். ஒரே ஒரு பேங்க் மட்டும் கடன் கொடுத்திருந்தால் ஒரு மேஜையில் உட்கார்ந்து முடித்துவிடலாம்.

கொடுத்தவர்கள் பத்துப் பேர், ஆளுக்கு 10 என்றால்தான் இழுபறி. ஒன்பது பேர் 10-ஐ 8 ஆகக் குறைக்கச் சம்மதித்து, ஒருவர் மட்டும் மறுக்கிறார். மொத்தக் கடன் 82. மோசமான காலத்திலும் சொத்து 90 இருப்பதால், மறுத்தவருக்கு எப்போதும் முழுசாக 10 கிடைக்கும், ஒத்துக்கொண்டவருக்கு 8. பங்குதாரருக்கு 43 கழித்தல் 30, அதாவது 13, அவர் இன்னும் திட்டத்தைச் செய்வார். அதனால் ஒவ்வொருவருக்கும் "மற்றவர்கள் குறைக்கட்டும், நான் மட்டும் நிற்கிறேன்" என்பதே லாபம். இரண்டு பேர் மறுத்தால் கடன் 84, பங்குதாரருக்கு 11, அதுவும் தாங்கும். மூன்றாவது ஆளும் மறுத்தால் கடன் 86. பங்கின் சராசரி 39, 30 போக 9. சும்மா இருந்தாலே 10 இருந்ததே என்று பங்குதாரர்கள் எழுந்து போய்விடுவார்கள், ஒத்துக்கொண்ட ஏழு பேருக்கும் மறுத்த மூன்று பேருக்கும் கடைசியில் அந்தப் பழைய 75-ல் பத்தில் ஒரு பங்கு, ஆளுக்கு 7.5தான்.