டி.எஃப்.எஸ் முடிவு நேரமும் டோபாலஜிக்கல் வரிசையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திசைகொண்ட ஒரு கிராஃபில் u → v என்ற விளிம்பு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் u முன்னாலும் v பின்னாலும் வருமாறு எல்லா முனைகளையும் ஒரே வரிசையில் நிறுத்தினால் அது டோபாலஜிக்கல் வரிசை. டி.எஃப்.எஸ் எனப்படும் ஆழம்-முதல் தேடல் ஒவ்வொரு முனையையும் விட்டு வெளியேறும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, கடைசியில் முடிந்ததை முதலில் எழுதிவந்தால் இந்த வரிசை கிடைத்துவிடும். இந்த விதியை மனப்பாடம் செய்தவர்கள் பலர்; காரணத்தை விட்டுவிடுவதால்தான் பின்வரும் தவறுகள் நேர்கின்றன.

முதல் தவறு, முனையை முதன்முதலில் கண்ட நேரத்தையும் அதை முடித்த நேரத்தையும் ஒன்றாகக் கருதுவது. க, ச, ட, ப என்ற நான்கு முனைகளையும் க→ச, க→ட, ட→ச, ப→ட என்ற விளிம்புகளையும் எடுத்துக்கொள்வோம். க-வில் தொடங்கி, அதன் பட்டியலில் ச முதலில் இருந்தால், க-வை 1-லும் ச-வை 2-லும் காண்கிறோம். ச-விலிருந்து போக இடமில்லாததால் அது 3-இல் முடிகிறது. பிறகு ட-வை 4-இல் கண்டு 5-இல் முடிக்கிறோம்; க 6-இல் முடிகிறது. மிஞ்சிய ப-வை 7-இல் கண்டு 8-இல் முடிக்கிறோம். கண்ட வரிசை க, ச, ட, ப. இதில் ச-வுக்குப் பின்னால் ட நிற்பதால் ட→ச உடைகிறது, ப→ட-வும் உடைகிறது. முடிவு நேரத்தைத் தலைகீழாக எழுதினால் ப, க, ட, ச என்று வருகிறது. நான்கு விளிம்புகளும் சரியாக அமைகின்றன.

காரணம் இதுதான். தேடல் u-வில் நின்று u → v விளிம்பைப் பார்க்கும் கணத்தில் v மூன்று நிலைகளில் ஒன்றில் இருக்க வேண்டும். இதுவரை காணாத முனை என்றால், v-க்கான அழைப்பு u-வின் அழைப்புக்குள்ளேயே நடப்பதால், v முடிந்த பிறகே u முடிய முடியும். ஏற்கெனவே முடிந்த முனை என்றால் சொல்லவே வேண்டாம். தொடங்கி இன்னும் முடியாத முனை என்றால், v-யிலிருந்துதான் நாம் u வரை வந்திருக்கிறோம்; அப்படியானால் u → v அந்தப் பாதையைச் சுழற்சியாக மூடிவிடுகிறது. சுழற்சியற்ற கிராஃபில் மூன்றாம் நிலைக்கு இடமில்லை என்பதால், எந்த விளிம்பை எடுத்தாலும் v-யின் முடிவு நேரம் u-வினதைவிடக் குறைவு.

இந்த வாதத்தில் தேடல் எங்கே தொடங்கியது என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள். உள்வரும் விளிம்பு இல்லாத முனையில்தான் தொடங்க வேண்டும் என்பது கான் 1962-இல் வெளியிட்ட வேறொரு முறையின் தேவை. அதை இங்கே கொண்டுவந்து ஒட்டுவது வீண் வேலை. ச-வில் தொடங்கி, பிறகு ட, க, ப என்று போனாலும் அதே ப, க, ட, ச-தான் கிடைக்கும்.

மூன்றாம் நிலையைத் தனியே குறிக்காமல், பார்த்தது, பார்க்காதது என்று இரண்டே குறிகளோடு நிறுத்திக்கொள்வது அடுத்த தவறு. அப்போது, சுழற்சி உள்ள கிராஃபிலும் நிரல் சலனமின்றி ஒரு வரிசையைத் தந்துவிடும். அது தவறு என்று எதுவும் எச்சரிக்காது. இதற்குப் பயந்து, பார்த்த முனையை மீண்டும் சந்தித்தாலே சுழற்சி என்று அறிவிப்பவர்களும் உண்டு. நம் கிராஃபில் ட-விலிருந்து ச-வைச் சந்திக்கும்போது ச ஏற்கெனவே முடிந்துவிட்டது. அங்கே சுழற்சி எதுவும் இல்லை.

```python
def dfs(u):
    state[u] = OPEN
    for v in adj[u]:
        if state[v] == OPEN:
            raise ValueError("cycle")
        if state[v] == NEW:
            dfs(v)
    state[u] = DONE
    order.append(u)
```

எல்லா முனைகளையும் `NEW` என்று குறித்துத் தொடங்கி, இன்னும் `NEW` ஆகவே இருக்கும் ஒவ்வொரு முனைக்கும் இதை ஓட்டியபின் `order.reverse()` போதும். `append` வரி வளையத்துக்குப் பின்னால் இருப்பதே இங்கு முக்கியம்.

பைத்தானின் ரிகர்ஷன் வரம்பு இயல்பாக 1000 என்பதால், நீண்ட சங்கிலியான கிராஃபில் இந்த நிரல் நின்றுவிடும். உடனே பலர் ஸ்டாக்குக்கு மாறி, முனையை வெளியே எடுத்ததும் அதை வரிசையில் சேர்த்துவிடுகிறார்கள். அது கண்ட வரிசையே தவிர முடிந்த வரிசை அல்ல. இதில் ஒரு விஷமம் உண்டு: ப-வை விட்டுவிட்டுப் பார்த்தால், க-வின் பட்டியலில் ச, ட என்ற ஒழுங்கில் இருந்தால், கடைசியாகப் போட்ட ட முதலில் வெளியே வந்து, க, ட, ச என்ற சரியான விடை தற்செயலாகக் கிடைத்துவிடும். பட்டியலை ட, ச என்று மாற்றினால் க, ச, ட என்று உடைந்துவிடும். ஆகவே ஒரு பரிசோதனையில் தேறியதை நம்பாமல், முனையோடு அதன் பட்டியலில் எந்த இடம்வரை பார்த்தோம் என்பதையும் ஸ்டாக்கில் வைத்து, பட்டியல் தீர்ந்தபின்பே அந்த முனையை வரிசையில் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று, விளிம்பின் திசை. ‘க-வுக்கு ச தேவை’ என்பதை க→ச என்று வரைந்திருந்தால், ச-வைத்தான் முதலில் செய்ய வேண்டும். அப்போது முடிந்த வரிசையே வேலை செய்யும் வரிசை, தலைகீழாக்கினால் கெட்டுவிடும். பழக்கதோஷத்தில் `reverse` எழுதும் முன், அம்பு எதைக் குறிக்கிறது என்று ஒரு விளிம்பையாவது எடுத்துச் சரிபார்ப்பது நல்லது.